முதல் புத்தகம் முழுக்கப் பொருளடக்கம்

பின்னாளில் ரோமப் பேரரசரான டைட்டஸுக்கு மூத்த பிளினி தன் 'இயற்கை வரலாறு' நூலைக் காணிக்கையாக்கினார். மொத்தம் 37 புத்தகங்கள். முதலாவது முழுக்கப் பொருளடக்கம்தான். உங்களுக்கு வேலை அதிகம், வேண்டியதை மட்டும் தேடிப் படியுங்கள் என்று முன்னுரையிலேயே வழிவிட்டார்.

நம் வீட்டு வைத்தியக் கையேடுகளுக்கு அந்தத் தன்னடக்கம் கிடையாது. நள்ளிரவில் குழந்தைக்குக் காது வலி. ஆயிரம் பக்க நூலைத் திறந்தால் 'தோற்றுவாய்', 'உடலெனும் கோயில்', 'சிரசு சார்ந்தவை', கடைசியில் 'இதர'. காது சிரசிலா, இதரவிலா? 'இதர' இருநூறு பக்கம் ஓடினால் பகுப்பே கோணல் என்று அர்த்தம். 'காது வலி, சீழ் வடிதல்' என்று நோயாளி வாயில் வரும் சொல்லையே தலைப்பாக்கினால் என்ன? முதலில் ஒரே பக்கத்தில் பெரும்பிரிவுகள், பிறகு விரிவான பட்டியல். பக்க எண் தலைப்பை ஒட்டியே நிற்கட்டும். வலது ஓரம்வரை புள்ளி வைத்தால் கண் வரி மாறி, காதுக்குக் கால் ஆணி மருந்து கிடைக்கும்.

அச்சுக்கு முன், நூலைப் படிக்காத நாலு பேரிடம் பத்துக் கேள்வி கொடுத்து, விரல் எந்த வரிக்குப் போகிறது என்று பார்க்கலாம். ஆசிரியருக்கு ஏது நேரம்? அவர் 'தோற்றுவாய்'க்கு இரண்டாம் பாகம் எழுதிக்கொண்டிருக்கிறார்.