மூன்று வேலையும் நான்கு எடையும்

வேலை மாறுவதா வேண்டாமா என்ற குழப்பம் வேதியியல் வரலாற்றில் ஒரு முக்கியமான இடத்தைப் பிடித்திருக்கிறது. 1772இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் தேவாலயப் போதகராக இருந்த ஜோசப் பிரீஸ்ட்லிக்கு ஷெல்பர்ன் பிரபு ஒரு வேலை தர முன்வந்தார். வீட்டு நூலகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பிள்ளைகளின் படிப்பைக் கவனிக்க வேண்டும். ஆண்டுக்கு 250 பவுண்டு சம்பளம், குடியிருக்க வீடு. லீட்ஸில் அவருக்குக் கிடைத்தது 100 கினி, அதாவது 105 பவுண்டு. என்ன செய்யலாம் என்று பெஞ்சமின் பிராங்க்ளினிடம் கேட்டார். விவரம் போதாததால் எதை முடிவு செய்வது என்று சொல்ல முடியாது, எப்படி முடிவு செய்வது என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்று செப்டம்பர் 19ஆம் தேதி பிராங்க்ளின் பதில் எழுதினார். தாளின் நடுவே கோடு கிழித்து ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். மூன்று நான்கு நாள் யோசித்து, நினைவுக்கு வருவதையெல்லாம் சேர்க்க வேண்டும். பிறகு ஒன்றுக்கொன்று எடை சமமானவற்றை அடித்துக்கொண்டே வந்து, எந்தப் பக்கம் மிச்சம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பிரீஸ்ட்லி வேலையை ஏற்றார். 1774இல் அந்தப் பிரபுவின் மாளிகையில்தான் அவர் ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தார்.

இன்று நாம் போடும் எடையிட்ட மதிப்பெண் பட்டியல் இந்த முறையின் வழிவந்ததே. சம்பளம், வளர்ச்சி, ஈடுபாடு, வாழ்க்கைமுறை என்று நான்கு அளவுகோல் வைத்து, ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வோர் அளவுகோலிலும் மதிப்பெண் கொடுத்து, அதை அந்த அளவுகோலின் எடையால் பெருக்கிக் கூட்டுகிறோம். கூட்டலில் யாரும் தவறுவதில்லை. எடை போடும் இடத்தில்தான் ஏறக்குறைய எல்லோரும் தவறுகிறோம். அந்த ஒரு தவற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். சூலூரில் வீடு; மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்த 24 வயதுப் பெண். கையில் மூன்று வேலைகள். முதலாவது சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனம். பிடித்தம் போக மாதம் 60,000 ரூபாய். இரண்டாவது வங்கி அதிகாரி வேலை. 56,000, எந்த மாநிலத்துக்கும் மாற்றல் வரலாம். மூன்றாவது பீளமேட்டுப் பக்கம் பம்பு செய்யும் தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவு; 50,000, வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம்.

மதிப்பெண் போட எளிய வழி, ஒவ்வோர் அளவுகோலிலும் இருப்பதில் மோசமானதற்கு 0, சிறந்ததற்கு 100, இடையில் உள்ளதற்கு அதன் இடம். சம்பளத்தில் 50,000க்கு 0, 60,000க்கு 100, 56,000க்கு 60. மற்ற மூன்றுக்கும் ரூபாய்க் கணக்கு கிடையாது. விசாரித்துத்தான் போட வேண்டும். ஈடுபாட்டுக்கு மதிப்பெண் போடும்போது ‘எனக்கு எது பிடிக்கும்’ என்று கேட்டால் பதில் மங்கலாக வரும். சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த நாற்காலியில் இருப்பவர் என்ன செய்துகொண்டிருப்பார் என்று கேட்க வேண்டும். பம்புக் கம்பெனியில் இம்பெல்லர் இறக்கையின் கோணத்தைக் கணினியில் திருத்திவிட்டு, போன வாரம் வார்த்து வந்த மாதிரியைச் சோதனை மேடையில் ஓட்டிப் பார்ப்பார். மென்பொருள் நிறுவனத்தில் வேறொருவர் எழுதிய நிரலில் பிழை தேடுவார். வங்கியில் கடன் விண்ணப்பக் கோப்பைச் சரிபார்ப்பார். அந்தப் பெண் போட்ட மதிப்பெண்கள் இவை:

| அளவுகோல் | மென்பொருள் | வங்கி | பம்பு |
|---|---|---|---|
| சம்பளம் | 100 | 60 | 0 |
| வளர்ச்சி | 100 | 40 | 0 |
| ஈடுபாடு | 40 | 0 | 100 |
| வாழ்க்கைமுறை | 0 | 30 | 100 |

வாழ்க்கைமுறையில் மென்பொருளுக்கு 0 விழக் காரணம், அமெரிக்க வாடிக்கையாளருக்காக இரவு பதினொரு மணி வரை நீளும் அழைப்புகள்.

அடுத்தது எடை. உனக்கு எது முக்கியம் என்று கேட்டால் வீட்டில் கடன் உள்ள எந்தப் பெண்ணும் சம்பளம் என்றுதான் சொல்வாள். அப்படியே போட்டாள்: சம்பளம் 40, வளர்ச்சி 25, ஈடுபாடு 20, வாழ்க்கைமுறை 15. எக்செலில் எடைகள் B நிரலிலும் முதல் வேலையின் மதிப்பெண்கள் C நிரலிலும் இருந்தால் சூத்திரம் இது. வலப்பக்கம் இழுத்தால் மற்ற இரண்டும் வந்துவிடும்:

```
=SUMPRODUCT($B$2:$B$5,C2:C5)/SUM($B$2:$B$5)
```

மென்பொருள் 73, வங்கி 38.5, பம்பு 35. முடிவு பளிச்சென்று தெரிகிறது. ஆனால் தவறு.

தவறு எங்கே என்று பார்ப்போம். ‘சம்பளம் முக்கியம்’ என்று அவள் சொன்னபோது மனதில் இருந்தது மொத்தச் சம்பளம். சம்பளமே இல்லாத நிலையோடு ஒப்பிட்ட முக்கியத்துவம். பட்டியலில் இருப்பதோ 50,000க்கும் 60,000க்கும் நடுவில் உள்ள பத்தாயிரம் மட்டும். சென்னையில் அறை வாடகையும் சாப்பாடும் அந்தப் பத்தாயிரத்தைத் தின்றுவிடும் என்பது வேறு. மூன்று வேலையும் எப்படியும் ஐம்பதாயிரம் தருகின்றன. அந்த ஐம்பதாயிரம் எந்த வேலையையும் எதிலிருந்தும் பிரிக்கவில்லை. எனவே நூற்றில் நாற்பது பங்கு எடையைச் சுமப்பது அந்தப் பத்தாயிரம்தான். அளவுகோலின் பெயருக்கு எடை கிடையாது. பட்டியலில் அதன் வீச்சுக்குத்தான் எடை.

இது தெரியாதவர்கள் மட்டும் செய்யும் பிழை என்று எண்ண வேண்டாம். இந்த வகைப் பட்டியலை 1970களில் பரவலாக்கிய உளவியலாளர் வார்டு எட்வர்ட்ஸின் எளிய முறையிலேயே வீச்சைக் கணக்கில் எடுக்காத இந்தக் குறை இருந்தது. 1994இல் ஹட்டன் பாரனுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் அவரே அதைத் திருத்தினார். திருத்தம் ஒரு கேள்வியில் அடங்கும். அந்தப் பெண்ணின் அண்ணன் கேட்பதாக வைத்துக்கொள்வோம்: “கண்ணு, எல்லாத்துலயும் மோசமான ஒரு வேலை உனக்குக் கிடைச்சிருக்கு. ஐம்பதாயிரம் சம்பளம், வளர்ச்சி இல்ல, பிடிக்காத வேலை, ராத்திரி பதினொரு மணி வரைக்கும் போன். இந்த நாலுல ஒண்ணே ஒண்ண மட்டும் பட்டியல்ல இருக்கிற சிறந்த நிலைக்கு மாத்திக்கலாம். எத மாத்துவ?”

கேள்வியை இப்படி வைத்தால் பதிலே வேறாகிறது. அவள் முதலில் மாற்றியது வாழ்க்கைமுறை; அதற்கு 100 புள்ளி. அடுத்தது வளர்ச்சி, முதல் மாற்றத்தோடு ஒப்பிட்டால் அது 70 பெறும் என்றாள். ஈடுபாடு 50. ஐம்பதாயிரத்தை அறுபதாயிரமாக்குவது கடைசியில், 30. மொத்தம் 250; நூற்றுக்கு மாற்றினால் 40, 28, 20, 12. அதே மதிப்பெண்கள், அதே சூத்திரம்: பம்பு 60, மென்பொருள் 48, வங்கி 30.4. அவளுடைய விருப்பம் நடுவில் மாறவில்லை. முதல் தடவை கேள்வி சரியாகக் கேட்கப்படவில்லை.

இதே காரணத்தால் பட்டியலில் கூடவே இருக்கும் இன்னொரு வேலை எது என்பதும் முடிவில் விளையாடும். வங்கிக்குப் பதிலாக மாதம் 37,000 உதவித்தொகையோடு ஓர் ஆராய்ச்சிப் படிப்பைச் சேர்த்திருந்தால், சம்பளத்தின் வீச்சு பத்தாயிரத்திலிருந்து 23,000 ஆகியிருக்கும். பம்புக் கம்பெனியின் சம்பள மதிப்பெண் 0லிருந்து ஏறக்குறைய 57க்குப் போகும். மென்பொருளும் பம்பும் தரும் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட மாறியிருக்காது. அவற்றின் மதிப்பெண் இடைவெளி மட்டும் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். ஆகவே பட்டியலில் ஒரு வேலையைச் சேர்த்தாலோ நீக்கினாலோ பழைய எடைகளை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது. அண்ணன் கேட்ட கேள்வியை மறுபடி கேட்டுப் புதிதாகப் போட வேண்டும்.

வளர்ச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலர் வளர்ச்சி என்று எழுதிவிட்டு மனதில் நினைப்பது ஐந்து வருடம் கழித்து வரும் சம்பளத்தை. அப்போது ஒரே பணம் இரண்டு வரியில் எண்ணப்படுகிறது. இங்கே அது மென்பொருளுக்கு ஆதரவாகச் சாயும். பின்னாளில் வரும் பணத்தையும் சம்பள வரியிலேயே சேர்த்துவிட்டு, வளர்ச்சி என்பதை வேறு கம்பெனிக்கு எடுத்துப்போகக்கூடிய திறமை, பொறுப்பு உயர்வு என்று வரையறுத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தீரும். சென்னை வாடகையைச் சம்பளத்திலும் கழித்து, ‘வீட்டை விட்டுப் போகணும்’ என்று வாழ்க்கைமுறையிலும் குறைப்பது இதே வகைப் பிழை. செலவு ஒரு வரியில், பிரிவு இன்னொரு வரியில் என்று பிரித்துக்கொண்டால் போதும்.

60க்கும் 48க்கும் உள்ள பன்னிரண்டு புள்ளி உறுதியானதா? சோதித்துப் பார்க்கலாம். வாழ்க்கைமுறையிலிருந்து ஆறு புள்ளியை எடுத்து வளர்ச்சிக்குக் கொடுங்கள். இரண்டும் 34 ஆகின்றன. இப்போது மென்பொருள் 54, பம்பு 54. அதாவது வளர்ச்சியையும் வாழ்க்கைமுறையையும் அவள் சமமாக நினைக்கத் தொடங்கினால் முடிவு தொங்கிவிடும். பட்டியல் தந்ததில் மிக உபயோகமானது இந்தச் செய்திதான். சம்பளத்தைப் பற்றி இன்னும் ஒரு வாரம் விவாதிப்பதில் பயனில்லை. விசாரிக்க வேண்டியது ஒன்றே: பம்புக் கம்பெனியின் வடிவமைப்புப் பிரிவில் பத்து வருடமாக இருப்பவர் இன்று என்ன பொறுப்பில் இருக்கிறார்? அவர் வடிவமைப்புத் தலைவராகியிருந்தால் வளர்ச்சிக்குப் போட்ட 0 தவறு. சேர்ந்த அன்று கிடைத்த மேசையிலேயே இருந்தால் 0 சரி. ஒரு போன் பேசினால் தெரிந்துவிடும்.

கூட்டலுக்கு ஒரு குறை உண்டு. ஒரு வரியின் பற்றாக்குறையை இன்னொரு வரி ஈடுகட்டிவிடும் என்று அது எப்போதும் எடுத்துக்கொள்ளும். கல்விக் கடன் தவணைக்குப் போதாத சம்பளத்தை எவ்வளவு ஈடுபாடும் ஈடுகட்டாது. அப்படிப்பட்ட நிபந்தனையைப் பட்டியலுக்கு வெளியே வைத்து, தேறாத வேலையை மதிப்பெண் போடும் முன்பே எடுத்துவிட வேண்டும்.

அப்பாவும் எடை போட விரும்புவார். போடட்டும், தனித் தாளில். சம்பளம் 20, வளர்ச்சி 40, ஈடுபாடு 10, வாழ்க்கைமுறை 30 என்று அவர் போட்டால் மென்பொருள் 64, பம்பு 40. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மதிப்பெண்களில் இருவருக்கும் சண்டையே இல்லை, எடைகளில்தான் வித்தியாசம், அதிலும் வளர்ச்சியில் அதிகம் என்பது தெரியும். எடைகளைப் பற்றி மட்டும் பேசினால் போதும். இரண்டு தாளின் எடைகளையும் சராசரி எடுத்து ஒரே தாளாக்கிவிடாதீர்கள். அந்த எடை யாருடையதும் அல்ல, வேலைக்குப் போகப்போவது மகள்.