எதிர்காலத்தைவிடச் சமோசா உசத்தி

தமிழில் எல்லோருக்கும் தெரிந்த பிரிவுபசாரப் பாட்டு, 1963-இல் வந்த 'இரத்தத் திலகம்' படத்தில் கல்லூரி மாணவர்கள் பாடுவது. எழுதிய கண்ணதாசன் படித்தது எட்டாம் வகுப்பு வரை. இந்த ஒரு தகவலைத் தெம்பாக வைத்துக்கொண்டு, சிகந்திராபாத்தில் என் மகள் படித்த பள்ளியின் பத்தாம் வகுப்புக்குப் பாட்டெழுத ஒப்புக்கொண்டேன். பல்லவி தெலுங்கில், முதல் சரணம் இந்தியில், இரண்டாவது தமிழில் என்று ஏற்பாடு. கேன்டீன், கெமிஸ்ட்ரி லேப் எல்லாவற்றையும் முன்னவர்களே அள்ளிக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது எதிர்காலம்.

மெட்டு முதலில் வந்தது. மியூசிக் சார் தத்தகாரமாக வாட்ஸ்அப்பில் பாடி அனுப்பினார். ஒவ்வொரு வரியும் 'தனானா' என்று முடிகிறது: ஒரு குறில், இரண்டு நெடில். அதில் 'சமோசா' அச்சில் வார்த்தாற்போல உட்காருகிறது. 'எதிர்காலம்' உட்காரவில்லை. ஒற்றோடு வரும் எழுத்தைப் பாட்டில் நெடிலாகத்தான் இழுக்க வேண்டும், ஆகவே அது 'தனானானா'. கடைசி அசை அடுத்த வரிமேல் போய் விழுகிறது. 'கனாக்கள்' என்று போட்டுத் தப்பித்தேன்.

ஒத்திகையில் வேறு சங்கடம். பெண்பிள்ளைகளுக்கு ஐந்து கட்டை சுகம். பதினைந்து வயதுப் பையன்களுக்கோ தொண்டை உடையும் பருவம். காலையில் ஒரு குரல், மதியம் ஒரு குரல். அவர்களைக் கீழ் ஸ்வரத்தில் பாடச் சொல்லிப் பார்த்தால் எல்லோரும் எஸ்.பி.பி. மெட்டின் உச்சியைப் பாடச் சொன்னால்தான் யாருக்குப் பிளிறுகிறது என்று தெரியும். சார் சுருதியை இரண்டரைக் கட்டைக்கு இறக்கி, மெட்டு தைவதத்தைத் தாண்டாமல் வெட்டினார். அப்படியும் பிளிறியவர்களுக்குக் கைதட்டும் வேலை. அந்தக் கோஷ்டிதான் பெரியது.

பிரின்சிபால் மேடம் நடுவில் வந்து, "தமிழ் சரணம் அவசியமா அண்டி?" என்றார். கண்ணதாசன் பாட்டில் திரையில் வந்த சாவித்திரி குண்டூர்க்காரர், பாடிய சுசீலா விஜயநகரம், பாதிப் பாட்டு உங்களுடையதுதான் என்று எடுத்துச் சொன்னேன். சரணம் பிழைத்தது. என் கனாக்களில் ஐஐடி இல்லையே என்று மட்டும் குறைப்பட்டார். ஹைதராபாத் அல்லவா! இங்கே ஆறாம் வகுப்பிலேயே கோச்சிங் பை தோளில் ஏறிவிடுகிறது. 'ஐஐடி'யும் தத்தகாரத்துக்கு ஒத்துவரவில்லை என்று இலக்கணத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

பிப்ரவரியில் விழா. பல்லவியில் நாலைந்து பிள்ளைகள் மூக்கை உறிஞ்சினார்கள். சமோசா வரியில் அரங்கமே விசிலடித்தது. என் சரணத்தின் முதல் வரி முடிவதற்குள் கைதட்டும் கோஷ்டி தாளத்தைத் தீன்மாருக்கு மாற்றிவிட்டது. மேடையில் இருந்தவர்கள் குதித்து இறங்கி ஆட, பிரின்சிபால் மேடமும் இரண்டு ஸ்டெப் போட்டார். மிச்ச மூன்று வரிகள் என் சட்டைப் பையில் இருக்கின்றன; மெட்டோடு யார் கேட்டாலும் தருவேன்.