டம்ளரில் ஒரு நிமிடம்: குமிழி கேள்வி-பதில்

மோட்டார் போட்டதும் குழாயில் தண்ணீர் பால் மாதிரி வருகிறது. சுண்ணாம்பு என்கிறார் மாமியார், மருந்து என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?
*– வாசகி, தாம்பரம்*

தீர்ப்பைத் தண்ணீரே சொல்லும். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, ஆட்டாமல் மேஜைமேல் வையுங்கள். தெளிவு எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். மேலே தெளிந்து அடியில் வெள்ளையாகப் படிந்தால் அது தூள். மாமியார் பக்கம் நியாயம் இருக்கலாம். அடியில் தெளிந்து, வெண்மை மேலே மேலே ஏறிக் காணாமல் போனால் அது வெறும் காற்று. குழாய்க்குள் அழுத்தத்தில் கரைந்திருந்த காற்று, வெளியே வந்ததும் பொடிப்பொடிக் குமிழிகளாகப் பிரிகிறது. மோட்டாரின் உறிஞ்சு குழாயில் இணைப்பு தளர்ந்து காற்று உள்ளே புகுந்தாலும் இப்படி ஆகும். அந்தக் காற்றால் கெடுதல் இல்லை. தண்ணீர் குடிக்கத் தகுந்ததா என்பது தனிக் கேள்வி, அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும்.

அந்தக் குமிழிகள் கண்ணுக்கே தெரிவதில்லையே. அவற்றின் அளவை வீட்டில் கண்டுபிடிக்க முடியுமா?
*– பிளஸ் ஒன் மாணவி, திருநெல்வேலி*

முடியும். அளவுகோலும் கடிகாரமும் போதும். உங்கள் இயற்பியல் புத்தகத்தில் ஸ்டோக்ஸ் விதி இருக்கிறது. எண்ணெய்க்குள் விழும் இரும்புக் குண்டை வைத்து அதைப் படித்திருப்பீர்கள். குமிழி அதே கணக்கைத் தலைகீழாகச் செய்கிறது. குமிழியை மேலே தள்ளும் மிதப்பு விசை அதன் கனஅளவைப் பொறுத்தது. அதாவது விட்டம் இரட்டித்தால் தள்ளும் விசை எட்டு மடங்கு. தண்ணீரின் பாகுநிலை கொடுக்கும் தடையோ விட்டத்தையும் வேகத்தையும் பொறுத்தது. இரண்டும் சமமாகிற இடத்தில் வேகம் நிலைத்துவிடும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் விட்டம் இரட்டிக்கும்போது வேகம் நான்கு மடங்காகிறது.

நம் ஊர்த் தண்ணீர் சுமார் 28 டிகிரி இருக்கும் என்று வைத்துக்கொண்டு, சூத்திரத்தை உங்களுக்காகச் சுருக்கித் தருகிறேன். விட்டத்தை மில்லிமீட்டரில் எழுதி, வர்க்கப்படுத்தி, 650-ஆல் பெருக்குங்கள். வருவது நொடிக்கு இத்தனை மி.மீ. என்ற வேகம்.

இப்போது டம்ளருக்கு வருவோம். தண்ணீர் 10 செ.மீ. உயரம். வெண்மையின் அடி விளிம்பு தரையிலிருந்து கிளம்பி மேல்மட்டத்தைத் தொட ஒரு நிமிடம் ஆயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மி.மீ.யை 60 நொடியால் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 1.7 மி.மீ. அதை 650-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.05 மி.மீ. ஒரு தலைமுடியின் தடிமன்! கண்ணால் பார்க்க முடியாததைக் கடிகாரத்தால் அளந்துவிட்டீர்கள். தெளிய நான்கு நிமிடம் ஆனால் குமிழி அதில் பாதி விட்டம்தான்.

ஒரு எச்சரிக்கை. கடைசியாக மேலே வருவது கூட்டத்திலேயே சின்னக் குமிழி. ஆகவே நீங்கள் அளப்பது சராசரியை அல்ல, பின்தங்கியவரை. டம்ளருக்குள் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தாலும் கணக்கு கெடும். இன்னும் பொடியான குமிழிகள் மேலே வந்து சேருமுன் நீரிலேயே கரைந்தும் போய்விடும்.

உங்கள் சூத்திரப்படி 1 மி.மீ. குமிழி நொடிக்கு 65 செ.மீ. ஏற வேண்டும். நாங்கள் ஊசி முனையில் குமிழி விட்டு செல்போனில் படம் பிடித்து அளந்தோம். 12 செ.மீ.தான் வந்தது. அளவு தப்பு, மறுபடி செய் என்கிறார்கள்.
*– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்*

மறுபடி செய்ய வேண்டியதில்லை. உங்கள் அளவு அருமையான அளவு. தப்பு, சூத்திரத்தை அதற்கு உரிமையில்லாத இடத்தில் பயன்படுத்தியதில் இருக்கிறது.

ஸ்டோக்ஸ் விதி பொருந்த, தண்ணீர் குமிழியைச் சுற்றி நிதானமாக வழிந்து ஓட வேண்டும். அந்த நிதானத்தை அளப்பது ரெனால்ட்ஸ் எண்: வேகத்தை விட்டத்தால் பெருக்கி, பாகுநிலையை அடர்த்தியால் வகுத்த அளவால் வகுப்பது. அது 1-க்கு நன்றாகக் கீழே இருந்தால் ஸ்டோக்ஸை நம்பலாம். டம்ளரில் இருந்த 0.05 மி.மீ. குமிழிக்கு அந்த எண் 0.1. உங்கள் 1 மி.மீ. குமிழிக்கோ 140! அங்கே தண்ணீரை விலக்கித் தள்ளுவதற்கே பெரும் விசை செலவாகிறது. பின்னால் சுழலும் உண்டாகிறது. தடை வேகத்தோடு நேர்விகிதத்தில் கூடாமல் அதைவிட வேகமாகக் கூடுகிறது. 0.1 மி.மீ. விட்டத்திலேயே உண்மை வேகம் சூத்திரத்துக்குக் கொஞ்சம் கீழே இறங்கத் தொடங்கிவிடும். அதற்கு மேல் அந்த வர்க்க விதியை விட்டுவிட வேண்டியதுதான்.

அதே கல்லூரியிலிருந்து இன்னொரு கேள்வி: ஒரு பழைய கட்டுரையில் 1 மி.மீ. குமிழிக்கு 25 செ.மீ.க்கு மேல் போட்டிருக்கிறது. எங்களுக்கு அதில் பாதிதான். ஏன்?

அவர்கள் தண்ணீர் சுத்தம், உங்கள் தண்ணீர் அழுக்கு. கோபப்படாதீர்கள், குழாய்த் தண்ணீர் எல்லாமே இந்த விஷயத்தில் அழுக்குதான்.

காற்றுக் குமிழியின் தோல் திடப்பொருள் அல்ல. மிகச் சுத்தமான நீரில் குமிழி ஏறும்போது அந்தத் தோலும் தண்ணீரோடு வழுக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடும். தண்ணீருக்கு உரசப் பிடிமானம் குறைவு, அதனால் வேகம் அதிகம். 1911-இல் ஹடமார்டும் ரிப்சின்ஸ்கியும் தனித்தனியே கணக்கிட்டு, மிகச் சிறிய குமிழிகளில் இது ஸ்டோக்ஸ் வேகத்தைப் போல ஒன்றரை மடங்கு வரும் என்று காட்டினார்கள். ஆனால் சோதனைசாலையில் சின்னக் குமிழிகள் பிடிவாதமாக ஸ்டோக்ஸ் சொன்னபடியே, கெட்டியான குண்டுகளைப் போல ஏறின.

காரணம், நீரில் எப்போதும் துளியாவது இருக்கும் எண்ணெய்ப்பசை, சோப்பு, கரிமப் பொருள். இவை குமிழித் தோலில் ஒட்டிக்கொண்டு, ஏறும்போது அடிப்பக்கம் அடித்துச் செல்லப்பட்டுக் குவிகின்றன. குவிந்த இடத்தில் பரப்பு இழுவிசை குறையும். தலைப்பக்கம் அதிகமாகவே இருக்கும். அதிகமான பக்கம் தோலைத் தன்னை நோக்கி இழுக்கும். கீழே ஓடப் பார்த்த தோல் அப்படியே நின்றுவிடும். குமிழி கெட்டியான குண்டாகிவிட்டது! இதற்கு மிகச் சிறிதளவு அழுக்கு போதும். ஆகவே வீட்டில் ஒரு சொட்டு சோப்பு விட்டு வித்தியாசம் பார்க்கலாம் என்று முயன்றால் ஏமாற்றமே மிஞ்சும். குழாய்த் தண்ணீரில் அது ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. திரும்பத் திரும்பச் சுத்திகரித்த நீரும் நன்கு கழுவிய கண்ணாடியும் கிடைத்தால்தான் அந்த வழுக்கும் குமிழியைக் காணலாம்.

பெரிய குமிழி எப்போதுமே சின்னதை முந்துமா?
*– வாசகர், யாழ்ப்பாணம்*

இல்லை. இந்தப் பாடத்திலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். சுத்தமான நீரில் விட்டம் ஒன்றரை மி.மீ.யை ஒட்டிய குமிழி நொடிக்கு ஏறத்தாழ 35 செ.மீ. வேகத்தில் ஏறும். அதைவிடப் பெரிதான 4 அல்லது 5 மி.மீ. குமிழியோ 23 செ.மீ. அளவில்தான் போகும். பெரியவர் பின்தங்குகிறார்! அளவு கூடக்கூட, பரப்பு இழுவிசையால் குமிழியை உருண்டையாகக் கட்டிவைக்க முடிவதில்லை. தலை தட்டையாகிறது, இட்லி மாதிரி அகன்று விரிகிறது. அகன்ற உடம்பு அதிகத் தண்ணீரை மோதுகிறது. கூடுதலாகக் கிடைத்த மிதப்பு விசையெல்லாம் இந்த அகலத்துக்கே செலவாகிவிடுகிறது. சில மி.மீ.யிலிருந்து ஒரு செ.மீ. தாண்டும் வரை வேகம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்பது இதனால்தான்.

அதற்கும் மேலே போனால் குமிழி குடையின் மேல்விரிப்பைப் போல வளைகிறது. அப்போது பாகுநிலையும் பரப்பு இழுவிசையும் கணக்கிலிருந்தே விலகிவிடும். வேகம் அளவின் வர்க்கமூலத்தோடு மறுபடி ஏறும். டேவிஸும் டெய்லரும் 1950-இல் நிறுவியது இது. 5 செ.மீ. விட்டமுள்ள உருண்டைக்குச் சமமான காற்று இந்த வடிவில் நொடிக்கு அரை மீட்டர் ஏறும்.

மீன் தொட்டியில் பெரிய குமிழிகள் ஏன் நேராகப் போகாமல் ஆடி ஆடிப் போகின்றன?
*– ஐந்தாம் வகுப்பு மாணவன், ஈரோடு*

இதைக் கவனித்து எழுதிவைத்தவர்களில் ஒருவர் லியோனார்டோ டா வின்சி. நல்ல துணைதான் உனக்கு, தம்பி. சுத்தமான நீரில் ஆரம் 0.926 மி.மீ.யைத் தாண்டினால் குமிழியால் நேராகப் போக முடியாது என்று 2023-இல் ஹெராடாவும் எக்கர்ஸும் கணக்கிட்டார்கள். அதற்கு முன் செய்த துல்லியமான அளவீடுகளோடு அது பொருந்தியது. தட்டையான குமிழி கொஞ்சம் சாய்ந்தால் ஒரு பக்க வளைவு கூடுகிறது. அங்கே நீர் வேகமாக ஓட, அழுத்தம் குறைகிறது. அது குமிழியைத் திரும்ப இழுக்க, குமிழி மறுபக்கம் சாய்கிறது. ஊஞ்சல் ஆட்டம் தொடங்கிவிடுகிறது.

காற்றுக்கல்லில் நிறைய பெரிய குமிழி வருவது நல்லதா, பொடிக் குமிழி நல்லதா?
*– வண்ணமீன் வளர்ப்பவர், கொளத்தூர்*

பொடி. 5 மி.மீ. குமிழி ஒன்றை 0.5 மி.மீ. குமிழிகளாக உடைத்தால் ஆயிரம் கிடைக்கும். மொத்தப் பரப்பு பத்து மடங்காகும். 45 செ.மீ. ஆழத் தொட்டியில் பெரியது இரண்டே நொடியில் மேலே வந்து உடைந்துவிடும். பொடியானது நொடிக்கு 5 செ.மீ. வேகத்தில் ஒன்பது நொடி நீருக்குள் இருக்கும். பத்து மடங்கு பரப்பு, நாலரை மடங்கு நேரம். ஆனால் 45 மடங்கு ஆக்சிஜன் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். கெட்டித்தோல் கொண்ட சின்னக் குமிழியில், ஒரே பரப்பு வழியாகக் காற்று நீரில் கரைவது மெதுவாகத்தான் நடக்கும். தவிர, சிறிய தொட்டிகளில் மேல்மட்டத் தண்ணீர் கலங்குவதாலேயே நிறைய ஆக்சிஜன் வந்துவிடும். அந்த வேலையைப் பெரிய குமிழியும் நன்றாகவே செய்யும். உங்கள் கல்லில் ஒரே இடத்திலிருந்து பெருங்குமிழிகள் மட்டும் வந்தால் துளைகள் அடைத்துக்கொண்டன என்று பொருள். கழுவுங்கள், போகாவிட்டால் மாற்றுங்கள்.

தாம்பரம் வாசகிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வெள்ளைத் தண்ணீர் வந்தால், டம்ளரில் நீரின் உயரத்தையும் தெளிய ஆன நொடிகளையும் குறித்து எழுதுங்கள். உங்கள் குழாயில் வரும் குமிழியின் விட்டத்தை அடுத்த இதழில் போடுகிறோம்.