சான் போன முருகேசன்

ஹிகாஷி ஒசாகா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது?

உங்கள் பம்ப் சங்கத்திலிருந்து எட்டுப் பேர் சித்திரை முடிந்ததும் எங்கள் கம்பெனிக்கு வருகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். "நீதான் அங்க இருக்கியே தம்பி, நாங்க வந்து எறங்கினாப் போதாதா?" என்றும் கேட்டிருந்தீர்கள். போதாது சித்தப்பா. ஜப்பானில் விருந்தாளி வந்து இறங்குவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே அவருடைய பெயர் வந்து இறங்கிவிட வேண்டும். போன மாதம் கோயமுத்தூரிலிருந்தே வேறொரு குழு வந்துவிட்டுப் போனது. அந்தக் கதையைச் சொன்னால் உங்களுக்கே புரிந்துவிடும்.

ஹிகாஷி ஒசாகா நம் பீளமேடு, கணபதி மாதிரிதான். சந்துக்குச் சந்து பட்டறை. எங்களுடையது பம்புக்குள் போகிற சீல் செய்கிற நடுத்தரக் கம்பெனி. விருந்தாளிகளைக் கவனிக்க இங்கே பொது நிர்வாகப் பிரிவு ஒன்று உண்டு, பெயர் சோமுகா. அவர்கள் வாசலில் ஒரு வரவேற்புப் பலகை வைப்பார்கள். வருகிறவர்களின் பெயர்கள் பதவி வரிசைப்படி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் 'சாமா' என்ற மரியாதைச் சொல்லோடு அதில் இருக்கும். எழுதுவதற்கு முன் அவர்களுக்கு மூன்று சங்கதி தெரிந்தாக வேண்டும். குடும்பப் பெயர் எது, அதை எப்படி உச்சரிப்பது, யாருக்கு யார் மேலே. நம்மவர்கள் அனுப்பியதோ பாஸ்போர்ட் நகல் மட்டும்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் நாம் என்ன போடுகிறோம்? இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போடுகிறோம். ஜப்பானியர் யாரையும் குடும்பப் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். ஆகவே விமான நிலையத்தில் எங்கள் ஆள் அட்டையைப் பிடித்துக்கொண்டு "பழனிசாமி சாமா!" என்று கூப்பிட்டபோது யாரும் திரும்பவில்லை. பழனிசாமி அந்த நேரம் சிங்காநல்லூர் வீட்டில் சாய்வு நாற்காலியில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வந்திருந்தது அவருடைய மகன். குழுவில் ஒரு அம்மா இருந்தார். வார்ப்பட ஆலையைத் தனியாளாக நடத்துகிறவர். அவரை ஐந்து நாளும் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். "இத்தனை வருஷமா அவரு பேரை நான் சொன்னதில்லை, இவங்க எல்லாருமாச் சேந்து சொல்றாங்க" என்று அவர் சிரித்தார். சிரிக்கத் தெரிந்தவராக இருந்ததால் தப்பித்தோம்.

உச்சரிப்பு அடுத்த கூத்து. வெளிநாட்டுப் பெயர்களை இவர்கள் கதகானா என்ற எழுத்தில் எழுதுவார்கள். அதில் ர, ல, ள, ழ எல்லாம் ஒன்றுதான். சொல்லின் கடைசியில் மெய்யெழுத்து வந்தால், 'ன்' ஒன்றைத் தவிர மற்றதற்கெல்லாம் ஓர் உயிரை ஒட்டிவிடுவார்கள். செந்தில் இங்கே செந்திரு. சுந்தரம் சுந்தராமு. இப்படிப் பார்த்தால் குழுத் தலைவர் கொடுத்துவைத்தவர். உண்மைப் பெயர் வேண்டாம், முருகேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ன்' என்று முடிகிற பெயர், அட்சரம் பிசகாமல் வந்துவிடும்.

வினை அங்கேதான் இருந்தது. இங்கே எல்லாருக்கும் பெயருக்குப் பின்னால் 'சான்' போடுவார்கள். நம் 'சார்' போல, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. தனக்குத் தானே அதைப் போட்டுக்கொள்வது மட்டும் மகா அநாகரிகம். கதகானாப் பட்டியலில் 'முருகேசான்' என்று படித்த சோமுகாப் பையன், யாரோ தெரியாமல் மரியாதையையும் சேர்த்து எழுதிவிட்டார்கள் என்று முடிவு கட்டினான். சான் என்பதை வெட்டினான். பெரிய மனிதருக்கு அது போதாது என்று சாமாவைச் சேர்த்தான். காலையில் வாசலில் பலகை பளபளவென்று நிற்கிறது: 'முருகே சாமா'. தலைவருக்கு அந்த எழுத்து தெரியாது. பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். கணேசன், நடேசன், வெங்கடேசன் யார் வந்தாலும் இந்த ஆபத்து உண்டு. உங்கள் எட்டுப் பேரில் எத்தனை 'சன்' என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறோம். வருகிறவர் ஒவ்வொருவரும், தன்னை எப்படி அழைக்க வேண்டுமோ அந்தப் பெயரைத் தன் வாயாலேயே வாட்ஸ்அப்பில் இரண்டு தடவை சொல்லி அனுப்பிவிட வேண்டும். அதைக் கேட்டுக் கதகானாவில் எழுதி, நான் சரிபார்த்த பிறகுதான் பலகைக்குப் போகும்.

இங்கே உள்ளவர்கள் பெயரிலும் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். ஜப்பானியரின் வழக்கம் குடும்பப் பெயர் முதலில், சொந்தப் பெயர் பின்னால். ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் ரொம்ப காலமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2019-ல் வெளியுறவு அமைச்சராக இருந்த கோனோ தாரோ, அப்போதைய பிரதமர் பெயரை அபே ஷின்சோ என்றே எழுதுங்கள் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகளைக் கேட்டுக்கொண்டார். 2020 ஜனவரியிலிருந்து அரசாங்க ஆவணங்களில் குடும்பப் பெயர்தான் முதலில். கம்பெனிகள் அவரவர் இஷ்டம். அதனால் கார்டின் ஆங்கிலப் பக்கத்தில் எந்தப் பெயர் முழுவதும் பெரிய எழுத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அதுதான் குடும்பப் பெயர். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இனி அறிமுகம். கூட்ட அறையில் எங்கள் பக்கத்து ஆட்களைத்தான் முதலில், மேலிருந்து கீழாக, விருந்தாளிகளுக்குச் சொல்வோம். எதிரே நிற்பது யார் என்று முதலில் தெரிந்துகொள்ளும் உரிமை விருந்தாளிக்கு. எங்கள் தலைவரைத் தனாகா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபீசுக்குள் அவர் 'தனாகா ஷாச்சோ'. ஷாச்சோ என்றால் கம்பெனித் தலைவர். பெயருக்குப் பின்னால் பதவி வந்தாலே அது மரியாதை. வெளியாள் முன்னால் அப்படிச் சொல்லக் கூடாது. எங்கள் பிரிவுத் தலைவர் எழுந்து, "இவர் எங்கள் ஷாச்சோ, தனாகா" என்று மொட்டையாகச் சொன்னார். சான் கிடையாது, ஒன்றும் கிடையாது. நம் முருகேசன் என் காதோரம் குனிந்து, "என்ன தம்பி, மொதலாளியப் பேரச் சொல்றான்? ரெண்டு பேருக்கும் ஆகாதா?" என்றார்.

ஆகும், நன்றாகவே ஆகும். தன் வீட்டு ஆளைத் தாழ்த்திச் சொன்னால் விருந்தாளி உயர்கிறார் என்பது இவர்கள் கணக்கு. போனில்கூட இப்படித்தான், வெளியிலிருந்து யாராவது கேட்டால், "தனாகா வெளியே போயிருக்கிறார்" என்று நேற்றுச் சேர்ந்த பெண் சொல்லும். என் பாடுதான் திண்டாட்டம். தமிழில் "எங்கள் தலைவர் தனாகா அவர்கள்" என்றேன். ஜப்பானியத்தில் பேச வந்தபோது வெறும் தனாகா. இடம் மாற்றிச் சொல்லியிருந்தால் கோயமுத்தூருக்கு நான் திமிர் பிடித்தவன், ஒசாகாவுக்கு முதலாளி புராணம் பாடுகிறவன்.

பிறகு நம் பக்கம். முருகேசன் பெருந்தன்மையாக, "மொதல்ல நம்ம சின்னப் பசங்க" என்று கடைசியில் நின்ற இளைஞரிலிருந்து தொடங்கினார். முதலில் சொல்லப்படுகிறவர்தான் தலைமை என்று இவர்கள் மனதில் பதிந்திருக்கிறது. தனாகா இரண்டு கையிலும் கார்டை ஏந்திக்கொண்டு நேரே அந்தப் பையனிடம் போய்க் குனிந்தார். பையன் மிரண்டு குழுவில் இருந்த தன் பெரியப்பாவைப் பார்க்க, பெரியப்பா கூரையைப் பார்த்தார். குழுவில் ஐந்து பேர் கார்டில் மேனேஜிங் டைரக்டர் என்று இருந்ததால் அதை வைத்தும் வரிசையைச் சரிசெய்ய முடியவில்லை. எழுபது வயதுச் சேர்மன் ஒருவர் வேறு, "நான் சும்மாங்க, எல்லாம் பையன்தான்" என்று அடக்கமாகச் சொன்னார். அதை அப்படியே மொழிபெயர்த்திருந்தால் கதவோரத்தில் உட்கார வைத்திருப்பார்கள். இங்கே கதவுக்குத் தூரமான நாற்காலிதான் உயர்ந்தது. கதவை ஒட்டியது கடைசி ஆளுக்கு. நான் அடக்கத்தை விழுங்கிவிட்டு, "கைச்சோ" என்று மட்டும் சொன்னேன். சேர்மன் என்று அர்த்தம். மரியாதையில் ஷாச்சோவுக்கும் ஒரு படி மேல். மறு நிமிடம் அவர் உள்ளே, நடு நாற்காலியில்.

கார்டு விஷயம் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் எழுத்து அவர்களைப் பார்த்து இருக்க வேண்டும், வந்தவர் முதலில் நீட்ட வேண்டும், மேஜைக்கு மேலே எட்டிக் கொடுக்காமல் சுற்றிப்போய் எதிரில் நின்று கொடுக்க வேண்டும். வாங்கியதைப் படித்துப் பார்க்க வேண்டும். பின்பாக்கெட்டில் செருகவே கூடாது. யாரும் சொல்லாதது ஒன்று உண்டு. கூட்டம் தொடங்கியதும் இவர்கள் கார்டுகளை, எதிரே நீங்கள் உட்கார்ந்திருக்கிற வரிசையிலேயே மேஜையில் பரப்பி வைப்பார்கள். பெயர் மறந்தால் அதைப் பார்த்துக்கொள்வதற்காக. நம்மவர் ஒருவர் ஏசி காற்று கழுத்தில் அடிக்கிறது என்று எழுந்து அந்தக் கோடி நாற்காலிக்குப் போனார். எதிரே ஐந்து பேர், பேச்சை நிறுத்தாமல், ஒரே சமயத்தில் கார்டுகளை நகர்த்தினார்கள். கொஞ்ச நேரத்தில் குளிர் போதவில்லை என்று அவர் பழைய இடத்துக்கே வந்தார். மறுபடியும் ஐந்து கை நகர்ந்தது.

பொன்னாடை கொண்டுவருவீர்கள், தெரியும். வேண்டாம் என்று சொன்னால் கேட்கமாட்டீர்கள். தனாகாவுக்கு அதைப் போர்த்தப் போனபோது அவர் மரியாதைக்குக் குனிந்தார். சால்வை தலையை மூடிவிட்டது. அவர் நிமிரட்டும் என்று நம்மவர் காத்திருக்க, சடங்கு முடியட்டும் என்று அவர் காத்திருந்தார். நிமிர்ந்த பிறகு போடுங்கள்.

ஆகவே சித்தப்பா, ஊரிலேயே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கார்டு ஆளுக்கு நூறாவது புதிதாக அடித்துக்கொள்ளுங்கள். அழைக்கும் பெயரும் கம்பெனியில் உள்ள பதவியும் மட்டும் இருக்கட்டும். ரோட்டரி, லயன்ஸ் பட்டங்களைப் பெயருக்கு முன்னால் போடாதீர்கள். போன தடவை அது என்ன டிபார்ட்மென்ட் என்று கேட்டார்கள். சைவக்காரர்கள் யார் என்று எழுதும்போது, மீன் சாறும் ஆகாது என்று தனியாக எழுதுங்கள். இங்கே காய்கறிக் குழம்பிலும் அது இருக்கும். குரல் பதிவுகளை என் நம்பருக்கே அனுப்பச் சொல்லுங்கள். பட்டியலைச் சங்கச் செயலாளர் டைப் செய்யட்டும், ஆனால் ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசை எண்ணை நீங்களே உங்கள் கையால் போடுங்கள். யார் இரண்டாவது, யார் மூன்றாவது என்று சண்டை வரும். அதை அவிநாசி ரோட்டிலேயே முடித்துவிட்டுப் பட்டியலை அனுப்புங்கள்.

சித்திக்கு என் வணக்கம்.

உங்கள் அன்பு மகன்