8,200 கோடிப் பொய்

1918 டிசம்பரில் பிரிட்டனில் தேர்தல் வந்தது. நான்கு வருடமாகப் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளின் வாசலில் போய் நின்று ஓட்டுக் கேட்க வேண்டும். திரும்பி வரும் வீரர்களுக்கு வீடு கட்டித் தருவோம் என்று சொல்லிப் பார்த்தார்கள். கூட்டத்துக்கு அது போதவில்லை. கைசரைத் தூக்கில் போடு, ஜெர்மன்காரனிடம் காசை வாங்கு என்று கத்தியது. அதற்கென்ன, வாக்குறுதிதானே, தந்துவிட்டால் போயிற்று என்று தலைவர்களும் இறங்கினார்கள். எரிக் கெடிஸ் என்ற அமைச்சர் கேம்பிரிட்ஜில் மேடையேறி, ஜெர்மனியை எலுமிச்சம்பழமாகப் பிழிவோம், விதை கீச்சிடும்வரை பிழிவோம் என்றார். பிரதமர் லாயிட் ஜார்ஜின் கூட்டணி அமோகமாக ஜெயித்தது.

பழத்தில் சாறு எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல ஒரு குழு வேண்டுமல்லவா? தேர்தலுக்கு முன்பே போட்டிருந்தார்கள். பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் முன்னாள் கவர்னர் கன்லிஃப் பிரபு அதில் இருந்தார். ஜெர்மனி 2,400 கோடி பவுண்டு கொடுக்கலாம் என்று குழு சொன்னது. அந்தத் தொகை எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று தேடாதீர்கள், ஓட்டுப்பெட்டியிலிருந்து வந்தது. பாரிஸ் மாநாட்டுக்கு இந்தக் கன்லிஃப்பும் சம்னர் என்ற நீதிபதியும் போனார்கள். வானத்து எண்களைத் தவிர வேறெதையும் வாயில் எடுக்காததால் இருவருக்கும் 'தேவலோக இரட்டையர்' என்று பட்டப்பெயர். உலகத்தின் அடுத்த இருபது வருடத் தலையெழுத்தில் ஒரு பகுதி இந்த இரட்டையரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிரான்ஸின் கோபம் பொய்க்கோபம் இல்லை. மேற்கு முனையில் போர் பெரும்பாலும் நடந்தது அதன் மண்ணில். பின்வாங்கிய ஜெர்மன் படை வட பிரான்ஸின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேண்டுமென்றே தண்ணீரை நிரப்பிவிட்டுப் போனது. ஜெர்மனியும் பச்சைக் குழந்தை இல்லை. 1871இல் பிரான்ஸை ஜெயித்தபோது 500 கோடி பிராங்க் கேட்டு, அது வந்து சேரும்வரை படையை அங்கேயே உட்கார வைத்திருந்தது. 1918 மார்ச்சில் பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்கில் ரஷ்யாவின் கையைத் திருகிப் போட்ட ஒப்பந்தத்தைப் பார்த்தால் வெர்சாய் சாது. ஆக, நஷ்டஈடு கேட்டதில் தப்பில்லை. எப்படிக் கேட்டார்கள், யாரிடம் கேட்டார்கள் என்பதில்தான் வயிறு எரிகிறது.

1919 ஜூன் 28, வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபம். 1871இல் ஜெர்மன் சாம்ராஜ்யம் பிரகடனமான அதே மண்டபத்தைத் தேடி எடுத்தார்கள். முகம் சிதைந்த ஐந்து பிரெஞ்சு வீரர்களை, கையெழுத்துப் போட வருகிறவர்கள் பார்த்தே தீர வேண்டிய இடத்தில் நிறுத்தினார்கள். நல்லது, பார்க்க வேண்டியவர்கள் பார்க்கட்டும். வந்தது யார்? ஹெர்மன் முல்லர் என்ற சோஷலிஸ்ட், யோஹன்னஸ் பெல் என்ற கத்தோலிக்க மத்தியக் கட்சிக்காரர். போரை நடத்திய கைசர் ஹாலந்தில் பத்திரமாக இருந்தார். போரை அவர் பெயரில் ஓட்டிய லூடன்டார்ஃப், தோற்றதும் ஒட்டுத்தாடியும் நீலக்கண்ணாடியும் மாட்டிக்கொண்டு சுவீடனுக்கு ஓடினவர்; ஜூனுக்குள் ஊர் திரும்பி நிம்மதியாக நினைவுக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். தளபதி ஹிண்டன்பர்க்கை அந்த மண்டபத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. தோற்றவன் தாடி ஒட்டிக்கொண்டு ஓட, குடியரசு கட்ட வந்தவன் கையில் பேனாவைத் திணித்தார்கள். இனி ஆயுளுக்கும் அந்தப் பேனாவைக் காட்டிக் காட்டியே அவனைத் துரோகி என்று அடிக்கலாம். அடித்தார்கள். போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்ட எர்ஸ்பெர்கரை 1921இல் சுட்டுக் கொன்றார்கள். தவணையைக் கட்டிப் பார்ப்போம் என்ற ராத்தெனாவை மறு வருடம் கொன்றார்கள். ஹிண்டன்பர்க் 1925இல் குடியரசுத் தலைவரானார்.

அதே மண்டபத்தில் இந்தியாவின் பெயராலும் கையெழுத்து விழுந்தது. போட்டவர்கள் மாண்டேகு துரையும் பிக்கானீர் மகாராஜா கங்கா சிங்கும். ஜாலியன்வாலாபாகில் டயர் சுட்டு இரண்டரை மாதம்தான் ஆகியிருந்தது. நீதியின் பெயரால் எழுதப்பட்ட சமாதானத்துக்கு நாமும் ஒரு கட்சிக்காரர் என்பது நம் சரித்திரப் பெருமைகளில் ஒன்று.

விஷயத்துக்கு வருவோம். ஒப்பந்தத்தின் 231ஆவது பிரிவு, ஜெர்மனியும் கூட்டாளிகளும் தொடுத்த போரால் வந்த எல்லா நஷ்டத்துக்கும் அவர்களே பொறுப்பு என்றது. அடுத்த 232ஆவது பிரிவு, அவ்வளவையும் கொடுக்க ஜெர்மனிக்கு வசதி போதாது என்பதை நாங்கள் ஒப்புக்கொள்கிறோம் என்றது. எழுதியவர்களில் ஒருவர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் என்ற இளம் அமெரிக்க வக்கீல். அவர் கெட்டிக்காரர்: முதல் பிரிவு லண்டன், பாரிஸ் வாக்காளர்களுக்கு, இரண்டாவது பிரிவு கணக்குத் தெரிந்தவர்களுக்கு. ஜெர்மானியர் முதல் பிரிவை மனப்பாடம் செய்துகொண்டார்கள். இரண்டாவதை அவர்களும் படிக்கவில்லை, பிரிட்டிஷ் வாக்காளரும் படிக்கவில்லை.

அப்புறம் பென்ஷன். வீடும் சுரங்கமும் இடிந்தது பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும். சிவில் சேதத்துக்கு மட்டும் ஈடு என்றால் பிரிட்டனுக்குப் பெரிய பங்கு வராது. எனவே போர்வீரர்களின் விதவைப் பென்ஷனையும் 'சிவில் சேதம்' என்று கணக்கில் சேர்த்தார்கள். அதற்கு வாதம் எழுதிக் கொடுத்தவர் தென்னாப்பிரிக்காவின் ஸ்மட்ஸ். அமெரிக்க ஜனாதிபதி வில்சனிடம் ஆலோசகர்கள் இது தர்க்கத்துக்கு ஒத்துவரவில்லையே என்றபோது, தர்க்கம் கிடக்கட்டும், பென்ஷனைச் சேர்க்கிறேன் என்றாராம். கூட இருந்த வங்கியாளர் லாமன்ட் சொல்லி வைத்தது. சேர்த்ததால் பில் வீங்கியது, பிரிட்டனின் பங்கு கூடியது. இதே ஸ்மட்ஸ்தான் பிறகு ஒப்பந்தம் அநியாயம் என்று புலம்பினார். மாநாட்டு வேலையை உதறிவிட்டு வந்த பொருளாதார அறிஞர் கெய்ன்ஸை ஒப்பந்தத்தைக் கண்டித்து எழுதச் சொல்லித் தூண்டினார். சாம்ராஜ்யத்தில் மனசாட்சிக்கு எப்போதும் பஞ்சமில்லை, நேரம்தான் கொஞ்சம் தள்ளிப் போகும்.

பில் கையில் கிடைத்தது 1921 மே மாதம், லண்டனில். மொத்தம் 13,200 கோடி தங்க மார்க். உலகமே வாய்பிளந்தது. உள்ளே புரட்டிப் பார்த்தவர்கள் மட்டும் வாயை மூடிக்கொண்டார்கள். தொகை மூன்று வகைப் பத்திரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 'ஏ' 1,200 கோடி, 'பி' 3,800 கோடி. இந்த இரண்டும்தான் நிஜக் கடன். மீதி 8,200 கோடிக்கு 'சி' பத்திரம். ஜெர்மனியால் கட்ட முடியும் என்று என்றைக்காவது தெரிந்தால், அன்றைக்கு வெளியிடப்படும். அதுவரை வட்டியும் கிடையாது. அந்த நாள் வராது என்று அதை எழுதியவர்களுக்கே தெரியும். உண்மையான கோரிக்கை 5,000 கோடி. அந்த எண்ணைச் சொன்னால் பாரிஸிலும் லண்டனிலும் அடுத்த தேர்தலில் தோற்க வேண்டியிருக்கும். அதனால் தங்கள் ஜனங்களை ஏமாற்ற 8,200 கோடியை மேலே வைத்து எழுதினார்கள்.

இதைவிடக் கேவலமான சிக்கனம் உண்டா? அந்த 8,200 கோடியில் ஒரு மார்க்கும் வரப்போவதில்லை. ஆனால் அவமானம் மட்டும் முழுத்தொகைக்கும் உடனடியாகப் போய்ச் சேர்ந்தது. பெர்லின் தெருவில் நின்று கத்துகிறவனுக்கு 'சி' பத்திரத்தின் சூட்சுமம் தேவையில்லை. நம் பேரன்களும் அடிமைகள் என்று சொன்னால் போதும், எண் அவன் பக்கம். தங்கள் வாக்காளருக்காகச் சொன்ன பொய்யை எதிரி நாட்டு வெறியனுக்கு இலவசமாக அச்சடித்துக் கொடுத்தார்கள்.

வசூலும் அதற்கேற்ற அழகில் நடந்தது. போர்நிறுத்தத்தின்போதே 5,000 ரயில் எஞ்சின்களையும் 1,50,000 வண்டிகளையும் கேட்டு வாங்கினார்கள். அப்புறம் பெரிய வணிகக் கப்பல்களையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். சார் பகுதியின் சுரங்கங்கள் பிரான்ஸுக்குப் போயின. ஜெர்மன் சரக்கு தங்கள் சந்தைக்குள் மலிவாக வருவதையும் சகிக்கவில்லை. தச்சனின் உளியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, நாற்காலி செய்து விற்றுத் தவணை கட்டு என்கிற கந்துவட்டிக்காரன் புத்தி. ஜெர்மன் அரசாங்கமும் சளைத்ததல்ல. வரி போட்டுக் கட்டுவதற்குப் பதில் நோட்டு அடித்தது. முடியாது என்று நிரூபிப்பதற்காகவே பாதி முயற்சி செய்தது.

1922 கடைசியில் ஜெர்மனி பிரான்ஸுக்குத் தர வேண்டிய மரமும் தந்திக் கம்பங்களும் குறைந்தன. வேண்டுமென்றே செய்த தவறு என்று நஷ்டஈட்டு ஆணையம் தீர்ப்பெழுதியது. பிரிட்டன் பிரதிநிதி பிராட்பரி மட்டும் ஒப்பவில்லை. டிராய் நகரத்து மரக்குதிரைக்குப் பிறகு மரத்தை யாரும் இப்படிப் பயன்படுத்தியதில்லை என்றார். நிலக்கரிக்கும் அதே தீர்ப்பு. 1923 ஜனவரி 11 அன்று பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் தொழிற்பகுதிக்குள் புகுந்தன. ஆயுதமில்லாத நாட்டில் தந்திக் கம்பத்துக்காகப் படையெடுப்பு! தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். மார்ச் 31 அன்று எஸ்ஸனில் க்ருப் ஆலைத் தொழிலாளர்கள்மீது படை சுட்டதில் 13 பேர் செத்தார்கள். வேலைநிறுத்தக்காரர்களுக்குக் கூலி கொடுக்க பெர்லின் மேலும் நோட்டு அடித்தது. நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். ஆயுள் முழுக்கச் சேர்த்த சேமிப்பு ஒரு ரொட்டிக்குக் காணவில்லை. அதே நவம்பரில் மியூனிக்கில் ஹிட்லர் என்கிற ஆள் பீர்க்கூடத்தில் துப்பாக்கியால் கூரையைச் சுட்டு, ஆட்சியைப் பிடித்துவிட்டேன் என்றார். பக்கத்தில் நின்றவர் நம் ஒட்டுத்தாடி லூடன்டார்ஃப்.

பிறகு அமெரிக்கா வந்து புத்தி சொன்னது. 1924இன் டாஸ் திட்டப்படி அமெரிக்க வங்கிகள் ஜெர்மனிக்குக் கடன் கொடுக்கும். ஜெர்மனி அதை பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் நஷ்டஈடாகக் கட்டும். அவர்கள் அதை அமெரிக்காவுக்குப் போர்க்கடனாகத் திருப்புவார்கள். ஒரே பணம் அட்லாண்டிக்கைச் சுற்றிவந்து மூன்று நாடுகளின் கணக்குப் புத்தகத்தையும் திருப்திப்படுத்தியது. 1929இல் யங் திட்டம் தொகையைக் குறைத்துத் தவணையை 1988வரை நீட்டியது. குறைத்ததை யாரும் கவனிக்கவில்லை. 1988 என்ற வருடத்தை எல்லோரும் கவனித்தார்கள். அதை எதிர்த்து வாக்கெடுப்பு நடத்திய பத்திரிகை முதலாளி ஹூகன்பெர்க், மேடைக்கு ஆள் வேண்டுமென்று ஹிட்லரைச் சேர்த்துக்கொண்டார். வாக்கெடுப்பு படுதோல்வி. 1928இல் 2.6 சதவீதம் வாங்கியிருந்த ஹிட்லரை நாடு முழுக்கப் பத்திரிகைகளில் ஏற்றிவிட்டதுதான் மிச்சம்.

வெர்சாயிலிருந்து ஹிட்லருக்கு நேர்ப்பாதை போட்டார்கள் என்று சொல்லவரவில்லை. 1929இன் பொருளாதாரச் சரிவும் அறுபது லட்சம் வேலையில்லாதவர்களும் இல்லாமல் அவர் பீர்க்கூடத்தோடு நின்றிருப்பார். ஆனால் பட்டினி வந்தபோது அதற்கு யார்மேல் பழி போடுவது என்ற பதில் பத்து வருடமாகத் தயாராக இருந்தது. 1932 ஜூலை 9 அன்று லோசானில் கூடி நஷ்டஈட்டை அநேகமாக முழுவதும் ரத்து செய்தார்கள். ஜூலை 31 தேர்தலில் நாஜிகளுக்கு 37 சதவீதம் விழுந்தது. கடன் செத்து மூன்று வாரம். அதன் மேல் வளர்ந்த கட்சிக்கு அதுவரை இல்லாத வெற்றி. ஆறு மாதம் கழித்து ஹிட்லருக்குப் பிரதமர் பதவியைக் கொடுத்தவர், 1919இல் கண்ணாடி மண்டபத்துக்கு யாரும் கூப்பிடாத அந்த ஹிண்டன்பர்க். ஜெர்மனி மொத்தம் கட்டியது சுமார் 2,000 கோடி தங்க மார்க். மீதிக்கு உலகம் இரண்டாம் போராக வசூல் செய்துகொண்டது.

அதற்கப்புறம் பெரியவர்களுக்குப் புத்தி வந்தது. 1953இல் லண்டனில் உட்கார்ந்து ஜெர்மனியின் பழைய வெளிக்கடனைப் பாதியாக வெட்டி, வர்த்தகத்தில் உபரி வந்தால் கட்டு என்றார்கள். ஒரு பாக்கியை மட்டும் ஜெர்மனி ஒன்று சேரும் நாளுக்குத் தள்ளி வைத்தார்கள்: டாஸ், யங் திட்டங்களுக்காக வாங்கிய கடனின் நிலுவை வட்டி. ஜெர்மனி ஒன்று சேர்ந்தது, பாக்கியும் எழுந்து உட்கார்ந்தது. 2010 அக்டோபர் 3 அன்று கடைசித் தவணையாகச் சுமார் 7 கோடி யூரோ கட்டி முதல் உலகப்போர்க் கணக்கை முடித்தார்கள். வாங்கிக்கொண்டவர்கள் ஸ்மட்ஸ் கணக்கில் சேர்த்த விதவைகள் அல்ல, பத்திரம் வைத்திருந்தவர்கள்.