ஏழு வந்தது, பதிவு வரவில்லை

மகள் தாதியாக வேலை செய்கிறாள். பிரிட்டன் போக ஐயெல்ட்ஸ் எழுதினாள். மொத்தம் 7 கேட்டார்கள், 7 வந்திருக்கிறது. ஆனாலும் போதாது என்கிறார்கள். அவர்களுக்குக் கூட்டத் தெரியாதா ஐயா?
*(ஜாசின் பக்கத் தோட்டத்திலிருந்து ஒரு தந்தை)*

நன்றாகவே தெரியும். கூட்டி முடித்த பிறகு ஒவ்வொன்றையும் தனியாகவும் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். நீங்கள் அனுப்பிய முடிவுத்தாளில் கேட்டல் 7.5, வாசித்தல் 7, பேசுதல் 7, எழுதுதல் 6. கூட்டினால் 27.5, நான்கால் வகுத்தால் 6.875. ஐயெல்ட்ஸ் அதை அருகிலுள்ள அரைக்குத் தள்ளி 7 என்று அச்சடித்துவிடுகிறது. நீங்கள் அந்த ஏழை மட்டும் பார்த்து அண்டை வீட்டுக்கெல்லாம் இனிப்பு கொடுத்துவிட்டீர்கள்.

பிரிட்டனில் தாதியரைப் பதிவு செய்யும் என்.எம்.சி. மன்றம் கேட்பது இது: கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5, மொத்தத்தில் 7. எழுதுதலுக்கும் 7 கேட்டுக்கொண்டிருந்தவர்கள் 2018 கடைசியில்தான் அரை இறங்கி வந்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐயெல்ட்ஸில் நான்கு பாகங்களின் கூட்டுத்தொகை 27 வந்தாலே மொத்தம் 7 ஆகிவிடும், ஏனென்றால் 6.75 மேல்நோக்கித் தள்ளப்படும். மன்றம் கேட்கும் தனித்தனி எல்லைகளைக் கூட்டுங்கள்: 7, 7, 7, 6.5. ஆக 27.5. தனித்தனியாகத் தேறியவருக்கு மொத்தம் தானாகவே வந்துவிடுகிறது. உங்கள் மகள் விஷயத்தில் சராசரி விதி கல்யாணப் பந்தலில் கட்டிய வாழைமரம் மாதிரி. பார்க்க அழகு, பந்தலைத் தாங்குவது அது இல்லை. கேட்டலை எட்டாக்கு, ஒன்பதாக்கு என்று அவளை விரட்டாதீர்கள். எழுதுதலில் குறையும் அந்த அரைதான் கணக்கு.

மூவெட்டில் எழுதுதலில் விழுந்த அடியை மற்ற தாள்களில் சரிக்கட்டி நல்ல பேண்ட் வாங்கினேன். இங்கே மட்டும் ஏன் முடியாது?
*(மெர்லிமாவ் வாசகி)*

மூவெட்டில் நான்கு தாள், தாளுக்கு 90, ஆக 360. எல்லாம் ஒரே உண்டியலில் விழும், யார் எவ்வளவு போட்டார்கள் என்று கேட்பதில்லை. இங்கே உண்டியல் நான்கு. குழம்பில் உப்பில்லை என்றால் பாயாசத்தில் சர்க்கரையைக் கூட்டி ஈடுகட்ட முடியுமா?

நோயாளியிடம் இனிக்க இனிக்கப் பேசும் தாதி, வேலை முடித்துப் போகும்போது எழுதிவைக்கும் குறிப்பு அடுத்த ஷிப்ட்டுக்குப் புரியவில்லை என்றால் ஆபத்து யாருக்கு? அதற்காகத்தான் தனி எல்லை.

நான் கேட்ட பல்கலைக்கழகம் மொத்தம் 6.5, எதிலும் 6-க்குக் குறையக்கூடாது என்கிறது. வீட்டில் எழுதிப் பார்த்ததில் நான்கிலும் 6. எதைப் பிடிப்பது?
*(ஆயர் குரோ மாணவர்)*

உங்களுக்குத்தான் சராசரி உண்மையிலேயே கடிக்கிறது. நான்கு ஆறு 24. மொத்தம் 6.5 ஆகக் கூட்டுத்தொகை 25 வேண்டும், 6.25 மேலே தள்ளப்பட்டுவிடும். 24.5 என்றால் 6.125, அது கீழே சறுக்கி 6 ஆகிவிடும். ஆக உங்களுக்கு இரண்டு அரை குறைகிறது. எந்தப் பாகத்திலிருந்து வந்தாலும் சரி.

மலிவாகக் கிடைக்கும் இடத்தில் வாங்குங்கள். கேட்டலில் 40 கேள்விக்கு 23 சரியென்றால் சுமார் 6, 30 சரியென்றால் சுமார் 7. தாளுக்குத் தாள் ஒன்றிரண்டு மாறும். ஏழு கேள்வி கூடினால் இரண்டு அரையும் ஒரே இடத்தில் கைக்கு வந்துவிடும். தவறவிட்ட கேள்விகளைத் திரும்பப் பாருங்கள். காதில் விழாமல் போனது எத்தனை, விழுந்தும் கெட்டது எத்தனை என்று பிரித்து எழுதுங்கள். பன்மைக்கு ஓர் 'எஸ்' விட்டது, எழுத்துப்பிழை, இரண்டு சொல்லுக்கு மேல் எழுதாதே என்ற இடத்தில் மூன்று எழுதியது, இதெல்லாம் இரண்டாவது வகை. அதைத் திருத்த ஆங்கிலம் வளர வேண்டியதில்லை, கண் விழித்திருந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. எழுதுதலில் வீட்டில் 6 என்பது தேர்வறையில் 5.5 ஆக எத்தனை நேரமாகும்? அப்படி ஆகிவிட்டால் கேட்டலில் வாங்கிய ஏழு பல்கலைக்கழக வாசலில் செல்லாக்காசு. எல்லையில் உட்கார்ந்திருக்கும் பாகத்துக்கும் வாரத்தில் இரண்டு மாலையை ஒதுக்குங்கள்.

நான்தான் அந்த 7.5, 7, 7, 6. அப்பா முந்திக்கொண்டார். மறுபடி நான்கையும் எழுதுவதா, எழுதுதலை மட்டுமா?
*(ஜாசின்)*

அப்பா இனிப்பு கொடுத்ததை எழுதியதற்கு மன்னியுங்கள். முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். தேர்வு நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் மறுமதிப்பீடு கேட்கலாம். எழுதுதலுக்கு மட்டும் கேட்டால் போதும், மதிப்பெண் கூடினால் கட்டணம் திரும்பி வரும். அரை மட்டும் குறையும் உங்களைப் போன்றவர்களுக்கே அது பொருந்தும். ஒன்றரை குறைபவர் கேட்பது லாட்டரி.

அடுத்து, ஒரு பாகத்தை மட்டும் திரும்ப எழுதும் வசதி. முதல் தேர்வைக் கணினியில் எழுதியவருக்கு, அறுபது நாளுக்குள், ஒரே ஒரு தடவை. எல்லா நிறுவனமும் அதை ஏற்பதில்லை. பணம் கட்டும் முன் சேரப்போகும் இடத்தில் எழுத்தில் கேட்டு வையுங்கள், வாய்வார்த்தை வேண்டாம்.

மூன்றாவது வழி, முழுத் தேர்வையும் திரும்ப எழுதி இரண்டு முடிவையும் சேர்த்துக் காட்டுவது. என்.எம்.சி. இதை அனுமதிக்கிறது. முன்பு இரண்டு தேர்வுக்கும் இடையே ஆறு மாதம்தான், 2023-இல் அதைப் பன்னிரண்டாக்கினார்கள். ஆனால் அங்கேயும் தரை உண்டு. இரண்டு தேர்விலுமே கேட்டல், வாசித்தல், பேசுதல் 6.5-க்குக் கீழே போகக்கூடாது. எழுதுதல் 6-க்குக் கீழே போகக்கூடாது.

உங்கள் முதல் முடிவு அந்தத் தரையில் நூலிழையில் நிற்கிறது, எழுதுதல் சரியாக 6. அன்று 5.5 வாங்கியிருந்தால் இந்தக் கதவே இல்லை. இரண்டாம் தேர்வில் கேட்டல் 7, வாசித்தல் 6.5, பேசுதல் 7, எழுதுதல் 6.5 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 27, மொத்தம் 7. தனியாகப் பார்த்தால் இதுவும் தோல்விதான், வாசித்தலில் அரை குறைகிறது. முதலாவது எழுதுதலில் தோற்றது, இரண்டாவது வாசித்தலில் தோற்றது, இரண்டு தோல்வியும் சேர்ந்து தேர்ச்சி! கணக்கு வாத்தியார் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

இதில் பலர் வழுக்குவது எங்கே தெரியுமா? மூன்று மாதம் எழுதுதலே கதி என்று கிடப்பார்கள். 6.5 வரும். அதற்குள் வாசிக்கும் வேகம் துருப்பிடித்து 6 ஆகியிருக்கும். சேர்க்க முடியாது, ஆரம்பத்திலிருந்து. வாரம் ஒரு முழு வாசித்தல் தாளை ஒரு மணி நேரத்துக்குள் செய்து, எத்தனை சரி என்று சுவரில் குறித்து வையுங்கள். 30-ஐ ஒட்டி நின்றால் கவலை இல்லை. இரண்டு வாரம் தொடர்ந்து 27-க்குக் கீழே இறங்கினால் எழுதுதலைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு அதைப் பாருங்கள்.

எழுதுதலில் அரை கூட்ட என்ன வழி? பெரிய பெரிய வார்த்தையாக மனப்பாடம் செய்யட்டுமா?
*(அலோர் காஜா)*

வேண்டாம். திருத்துபவர் அந்த வார்த்தைகளை உங்களுக்கு முன்பே ஆயிரம் பேரிடம் பார்த்துவிட்டார்.

மதிப்பெண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முதல் பணி வரைபடத்தை விவரிப்பது, 150 சொல். இரண்டாவது கட்டுரை, 250 சொல், முதலாவதைப் போல் இரு மடங்கு கனம். இரண்டையும் நான்கு அளவுகோலால் அளக்கிறார்கள்: கேட்டதற்குப் பதில் சொன்னீர்களா, கருத்து கோர்வையாக வருகிறதா, சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம பங்கு. கட்டுரையில் ஓர் அளவுகோலை ஒரு படி ஏற்றினால் எழுதுதல் ஏறக்குறைய 0.17 ஏறும். அதையே முதல் பணியில் செய்தால் பாதிதான். ஆக அரை கூட, கட்டுரையில் மூன்று அளவுகோலை ஒவ்வொரு படி ஏற்ற வேண்டும். ஒரே இரவில் நடக்காது, ஆனால் எங்கே என்று தெரிகிறது.

முதலில் ஏறுவது பெரும்பாலும் 'கேட்டதற்குப் பதில்'. இரண்டு பக்கத்தையும் அலசி உன் கருத்தைச் சொல் என்று கேட்டால், இரண்டு பக்கத்தை எழுதிவிட்டுக் கருத்தை மறந்துபோகிறோம். அடுத்து இலக்கணம். நம் வாயில் ஊறிப்போன 'டிஸ்கஸ் அபௌட்' மாதிரியான பத்துப் பதினைந்து பிழைதான் ஒவ்வொரு கட்டுரையிலும் திரும்பி வருகிறது. பழைய கட்டுரைகளில் சிவப்பு மையால் வட்டமிட்டுப் பட்டியல் எடுங்கள், பிழையின் எண்ணிக்கை எவ்வளவு சிறியது என்று உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

நான் ஒருமுறை அந்தத் தேர்வை எழுதியபோது வரைபடத்தின் ஒவ்வொரு கோட்டுக்கும் வாழ்க்கை வரலாறு எழுதிக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து நிமிடம் போய்விட்டது. இரு மடங்கு கனமான கட்டுரைக்கு மிஞ்சியது இருபத்தைந்து. முடிவைச் சொல்லமாட்டேன்.

தோட்டத்து உச்சரிப்பு பேசுதலில் மதிப்பெண்ணைக் குறைக்குமா?
*(மஸ்ஜித் தானா)*

புரிந்தால் குறைக்காது. வெள்ளைக்காரர் போல் பேச முயன்று அவருக்கும் புரியாமல், நமக்கும் புரியாமல் போவதுதான் குறைக்கும்.

எழுதுதல் வரவே வரவில்லை. தாதியருக்கு ஐயெல்ட்ஸை விட்டால் வேறு வழி?
*(பத்து பெரண்டாம்)*

ஓ.இ.டி. உண்டு, என்.எம்.சி. ஏற்கிறது. அதிலும் தனித்தனி எல்லைதான்: மூன்று பாகத்தில் 'பி', அதாவது 350. எழுதுதலில் மட்டும் 'சி பிளஸ்', 300. எழுதச் சொல்வது நோயாளியின் குறிப்பைப் பார்த்து ஒரு கடிதம். உலக வெப்பமயமாதலைப் பற்றி 250 சொல் வராதவருக்கு, சர்க்கரை நோயாளியை அடுத்த மருத்துவரிடம் அனுப்பும் கடிதம் வரலாம், தினமும் பார்க்கும் வேலைதானே. மாறும் முன் இரண்டிலும் ஒவ்வொரு மாதிரித் தாளை எழுதிப் பார்த்துவிடுங்கள்.

மறுபடியும் நான்தான். மகள் படிக்கும்போது நான் என்ன செய்யட்டும்?
*(அதே தந்தை)*

கையில் கடிகாரத்தோடு எதிரே உட்காருங்கள். இருபதாவது நிமிடம் வரைபடத் தாளைப் பிடுங்கிக்கொள்ளுங்கள். முறைப்பாள். இன்னும் ஒரே ஒரு வரி என்பாள். கொடுக்காதீர்கள்.