இடக்கொச்சி நெரிசலில் எஞ்சினை வேகவைப்பது எப்படி?

தோப்பும்படியிலிருந்து பள்ளுருத்தி வழியாக இடக்கொச்சிக்கு வந்து, பாலத்தைக் கடந்து அரூரில் தேசிய நெடுஞ்சாலை 66-ஐப் பிடிக்க நினைப்பவர்களுக்காக எழுதப்பட்ட கையேடு இது. அரூர் முதல் துறவூர் வரை 12.75 கிலோமீட்டர் நீள மேம்பால வேலை தொடங்கியதிலிருந்து, அந்தப் பக்கம் நெரிந்தால் இந்தப் பக்கமும் நிற்கிறது. சித்திரை வெயில், உப்புக் காற்று, நகராத வரிசை என எஞ்சினை வேகவைக்கத் தேவையான எல்லாம் இங்கே இலவசம். செய்முறை மட்டும்தான் தெரியவேண்டும். கீழே உள்ள ஐந்து படிகளையும் ஒழுங்காகப் பின்பற்றினால் பலன் உறுதி.

படி 1: ஊசி நடுவைத் தாண்டினாலும் பதறாதீர்கள்

"கொஞ்சம்தானே ஏறியிருக்கிறது" என்று சொல்லிக்கொள்ளுங்கள். பெரும்பாலான கார்களில் கூலண்ட் 80 டிகிரியில் இருந்தாலும் 100 டிகிரியில் இருந்தாலும் ஊசி நடுவிலேயே நிற்கும். சும்மா சும்மா அசைந்து ஓட்டுநரைப் பயமுறுத்த வேண்டாம் என்றுதான் தயாரிப்பாளர்கள் அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே ஊசி நடுவை விட்டு நகர்ந்தது என்றால், சூடு எப்போதோ வரம்பைத் தாண்டிவிட்டது என்று பொருள். ஊசியே இல்லாமல் சிவப்பு விளக்கு மட்டும் உள்ள வண்டி இன்னும் வசதி. அது எரியும்வரை நிம்மதியாகப் பாட்டு கேட்கலாம்.

படி 2: ஏ.சி.யை மட்டும் நிறுத்தவே கூடாது

பின்சீட்டிலிருந்து, "மாப்பிள்ளை, ஏ.சி.யைக் கொஞ்சம் கூட்டி வைங்க" என்று குரல் வரும். கூட்டிவிடுங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சர், உங்கள் மாமியாரிடமிருந்து எடுத்த சூட்டையெல்லாம் ரேடியேட்டரின் முகத்தில் ஊதும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதைச் சமாளித்துவிடும். நிற்கும் வண்டிக்கு முன்னாலுள்ள மின்விசிறிதான் ஒரே காற்று.

எஞ்சினைக் காப்பாற்ற நினைக்கும் கோழைகள் வேறு மாதிரி செய்வார்கள். ஏ.சி.யை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுச் சூட்டிலும் அதன் காற்றை முழு வேகத்திலும் வைப்பார்கள். டாஷ்போர்டுக்குள் ஹீட்டருக்கென ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. கூலண்டின் சூட்டில் ஒரு பங்கு அதன் வழியாகக் காருக்குள் வந்துவிடும். கொச்சி வெயிலில் ஹீட்டர் போட்ட மாப்பிள்ளையைப் பற்றிக் குடும்பத்தில் பல வருடம் பேசுவார்கள். ஊசி இறங்கியதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

படி 3: முன்வண்டியின் பம்பரை முகர்ந்துகொண்டே நகருங்கள்

ஒரு அடி இடம் கிடைத்தாலும் அரை கிளட்ச்சில் ஊருங்கள். முன்னால் நிற்கும் பேருந்தின் சூடான புகையை உங்கள் விசிறி உறிஞ்சி ரேடியேட்டருக்குக் கொடுக்கும். பத்தடி இடம் விட்டு, வரிசை நன்றாக நகர்ந்த பிறகு ஒரே ஓட்டமாகப் போய் நின்று, நியூட்ரலில் காத்திருந்தால் இந்தப் பலன் கிடைக்காது. எஞ்சினின் வேலை குறைந்துவிடும்.

படி 4: புகை வந்ததும் மூடியைத் திறந்து பாருங்கள்

சிவப்பு விளக்கு எரிந்ததும் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துவது சாதாரண மக்கள் வழக்கம். நீங்கள் பாலம் தாண்டும்வரை ஓட்டுங்கள். அலுமினிய ஹெட் வளைந்து, ஹெட் கேஸ்கெட் போக அந்தத் தூரம் தாராளம். பிறகு, "சேட்டா, புக வருந்நுண்டு!" என்று யாராவது கத்தும்போது இறங்கி, கைக்குட்டையைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகுங்கள்.

பாதி தண்ணீரும் பாதி கூலண்டும் கலந்த நீர், வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறத்தாழ 107 டிகிரியில் கொதிக்கும். மூடி சுமார் ஒரு பார் கூடுதல் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைத்திருப்பதால், 120 டிகிரிக்கு மேலும் அது கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும்; உள்ளிருப்பது மொத்தமாகப் பொங்கி முகத்துக்கு வரும். கொதிநீரோடு நேருக்கு நேர் பழக விரும்பாதவர்கள் பானெட் இடுக்கில் ஆவி அடங்கும்வரை அதைக்கூடத் தூக்கமாட்டார்கள். அரை மணி, முக்கால் மணி காத்திருப்பார்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸை அழுத்திப் பார்த்து, அது கல்லாக இருந்தால் இன்னும் காத்திருப்பார்கள்.

படி 5: சுற்றிலும் தண்ணீர் இருக்கிறதே, மொண்டு ஊற்றுங்கள்

இடக்கொச்சியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் காயல். ஆனால் வேம்பநாட்டுக் காயலில் உப்பைத் தடுக்கும் தண்ணீர்முக்கம் தடுப்பணை இங்கிருந்து வெகு தெற்கே இருக்கிறது. கடலை ஒட்டிய இந்தப் பகுதியில், கோடையில் மொண்டதெல்லாம் உப்பு. அலுமினிய ரேடியேட்டரை உள்ளிருந்து அரிக்க அதைவிட நல்ல மருந்து இல்லை. இன்னும் சூடாக இருக்கும் எஞ்சினில் ஜில்லென்று ஊற்றினால் ஹெட்டில் விரிசலும் கூடவே கிடைக்கும். பெட்டிக்கடையில் ஒரு பாட்டில் குடிநீர் வாங்கி, ஆறிய எஞ்சினின் ரிசர்வ் டேங்கில் கோடு வரை ஊற்றுவதெல்லாம் கற்பனை வளம் இல்லாதவர்கள் செய்வது.

எச்சரிக்கை: இதைப் படித்தால் மேலுள்ள ஐந்து படிகளும் வீண்

ஒரு கார் பள்ளுருத்தி தாண்டும்வரை ஒழுங்காக ஓடுகிறது. வரிசையில் நின்றதும் ஊசி ஏறுகிறது. கொஞ்சம் ஓடியதும் இறங்குகிறது. எதிர்க்காற்று கிடைத்தால் குறைகிறது, நின்றால் கூடுகிறது என்றால் முதல் சந்தேகம் விசிறியின்மேல்தான். டேங்கில் கூலண்ட் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டை நிறுத்திவிட்டுக் காது கொடுங்கள். ஊசி மேலே இருந்தும் முன்னாலிருந்து விசிறியின் இரைச்சல் இல்லை. இப்போது ஒரு நிமிடம் மட்டும் ஏ.சி.யைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏ.சி. ஓடினால் விசிறியும் ஓடவேண்டும். ஓடினால் மோட்டார் நலம். சூட்டை உணர்ந்து விசிறியை எழுப்பவேண்டிய சென்சார்தான் பெரும்பாலும் தூங்குகிறது. அப்போதும் ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் மூன்றில் ஒன்று போயிருக்கலாம்.

எஞ்சினை அணைத்து, சாவியையும் எடுத்துவிட்டு, ஃபியூஸ் பெட்டியைத் திறவுங்கள். மூடியின் உட்புறம் வரைபடம் இருக்கும். ஃபியூஸ் எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் இன்னொன்று போடலாம். அது நன்றாக இருந்தால் ரிலேயைப் பாருங்கள். பல வண்டிகளில் விசிறிக்கும் ஹாரனுக்கும் ஒரே மாதிரி ரிலேதான். எண்ணும் கால்களும் ஒத்திருந்தால், ஹாரன் ரிலேயைப் பிடுங்கி விசிறியின் இடத்தில் செருகுங்கள். மறுபடி எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போட்டதும் விசிறி சுற்றினால் பழுது சில நூறு ரூபாயில் முடிந்தது.

ஒரே ஒரு அபாயம் மட்டும் மிச்சம். கூலண்ட் ஒழுகித் தீர்ந்துவிட்டால் சென்சார் நீரில் இல்லாமல் வெறும் இடத்தில் தொங்கும். அப்போது ஊசி திடீரென்று கீழே விழும். ஹீட்டரைப் போட்டும் சூடில்லாத காற்று வந்தால் அது நல்ல செய்தி அல்ல. உடனே எஞ்சினை நிறுத்திவிட்டு, இழுத்துச்செல்லும் வண்டிக்குப் போன் செய்யுங்கள்.

ஊசி உண்மையாகவே நடுவுக்குத் திரும்பியிருந்தால் பக்கத்து மெக்கானிக் வரை ஹாரன் இல்லாமலே மெதுவாகப் போய்ச் சேருங்கள். அரூர் வரிசையில் ஹாரன் அடித்து முன்னேறியவர் இதுவரை யாரும் இல்லை.